பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் ஊழியர்களுக்கு எழுதும் அந்த ஒரு பக்கம்

மாறுதல் ஆணை கைக்கு வந்ததும் மூன்று தாள்கள் தயாராக வேண்டும். முதலாவது பொறுப்பு மாற்றச் சான்று. அது படிவம், பெயர், பதவி, தேதி, முற்பகலா பிற்பகலா என்று நிரப்பி, போகிறவரும் வருகிறவரும் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இரண்டாவது, வருகிறவருக்கு மட்டும் கொடுக்கும் ஒப்படைப்புக் குறிப்பு. நிலுவைக் கோப்புகள், நீதிமன்ற வழக்குகள், பணப்பதிவேட்டின் இருப்பு, பூட்டு சாவி எல்லாம் அதில் வரும். கண்காணிப்பாளர் வரைவு போட்டுக் கொடுத்துவிடுவார். மூன்றாவது, ஊழியர்களுக்கு எழுதும் விடைபெறும் செய்தி. இதற்குப் படிவமும் இல்லை, வரைவு போட்டுத் தர ஆளும் இல்லை. மனசு கனத்திருக்கும் நேரத்தில், கடைசி நாள் மதியம், அவசர அவசரமாக எழுதுவோம். அதிலேயே புதிய அலுவலரை வரவேற்று ஒரு பத்தியும் சேர்த்துவிடுவோம்.

சென்னையில் ஒரு அரசுத் துறையின் மாவட்ட அளவிலான அலுவலகத்தில் நான் பொறுப்பேற்றபோது, எனக்கு முன்பு இருந்தவர் அப்படி எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு பக்கம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார். நல்ல மனிதர், என்னைப் பற்றி அன்பாகத்தான் எழுதியிருந்தார். படித்தபோது சந்தோஷமாகவே இருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்த சில வரிகள் எனக்கும் ஊழியர்களுக்கும் எவ்வளவு வேலை வைத்தன என்பது போகப் போகத்தான் தெரிந்தது. எனக்கு மாறுதல் வந்தபோது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் என்னுடையதை எழுதினேன். எதை எழுதலாம், எதைத் தொடக் கூடாது என்று அப்போது யாரையாவது கேட்கலாமென்றால், எல்லாரும் "ரெண்டு வரி நன்றி சொல்லுங்க சார், போதும்" என்றார்கள். ரெண்டு வரியில்தான் சிக்கலே இருக்கிறது.

முன்னவர் தாளில் சிக்கல் வைத்த முதல் வரி இது: "இதுவரை இருந்துவந்த நடைமுறைகள் அனைத்தும் புதிய அலுவலர் காலத்திலும் தொடரும் என்று நம்புகிறேன்." படிக்க ஒன்றும் தவறாகத் தெரியாது. ஆனால் எந்த அலுவலகத்திலும் நடைமுறை என்பது பாதி எழுத்தில் இருக்கும், பாதி வாய்மொழியில் இருக்கும். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரும் இளநிலை உதவியாளர் ஒருவர் பத்தரை மணிக்கு வந்து மாலை ஆறேகால் வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று முன்னவர் வாயால் சொல்லியிருக்கிறார். அலுவலக நேரம் காலை 10 முதல் மாலை 5.45. வருகைப் பதிவேட்டில் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. நான் பதிவேட்டைப் பார்த்து விளக்கம் கேட்டதும், அந்த ஊழியர் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். "நடைமுறைகள் தொடரும்னு சார் எழுதியிருக்காரே." அவர் பொய் சொல்லவில்லை. நானும் விதியை மீறிப் பேசவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வரி நின்றது. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் இப்படி ஏற்பாடு இருந்ததாகச் சொன்னார்கள். அதில் எது உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை. சேர்ந்த வாரமே கெட்ட பேர்.

போகிறவர் வருகிறவர் சார்பில் வாக்குக் கொடுக்கவே கூடாது. "நம்புகிறேன்" என்று போட்டாலும் ஊழியர் அதை வாக்காகத்தான் படிப்பார். அதற்கு மாறாக எழுத வேண்டியது கொஞ்சம் கசப்பானது: நான் வாய்மொழியாகக் கொடுத்திருந்த அனுமதிகள் இன்றோடு முடிகின்றன, வேண்டியவர்கள் எழுத்தில் புதிய அலுவலரிடம் கேளுங்கள். இதை எழுதும்போது, போகிற நேரத்தில் ஏன் பொல்லாப்பு என்று தோன்றும். ஆனால் அனுமதி கொடுத்தவரே முடித்துவைத்தால் யாருக்கும் கோபம் இல்லை. புதியவர் வந்து முடித்துவைத்தால் அது பறிப்பாகத் தெரியும். அவர் மறுபடியும் கொடுத்தாலோ, அது அவரே கொடுத்ததாக ஆகும். அந்த நல்ல பேர் அவருக்குப் போகட்டும். புதியவருக்குச் செய்கிற உண்மையான வரவேற்பு இந்த ஒரு வரிதான் என்று இப்போது நினைக்கிறேன். சால்வையெல்லாம் அப்புறம்.

இதற்கு முன்வேலை ஒன்று உண்டு. பொதுச் செய்தியில் போடும் முன்பு, அப்படி அனுமதி வாங்கியவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அவமானமாகப் படும். யார் யாருக்கு என்ன ஏற்பாடு, என்ன காரணத்துக்காக என்பதை ஒப்படைப்புக் குறிப்பில், அதாவது புதியவர் மட்டும் பார்க்கிற தாளில் எழுதிவிடலாம். கைக்குழந்தையோ, டயாலிசிஸ் செய்துகொள்ளும் கணவரோ இருக்கிற ஊழியரின் காரணம் பலகைக்குப் போகக் கூடாது. ஆனால் புதியவருக்குத் தெரியாமலும் இருக்கக் கூடாது.

இரண்டாவது வரி என்னைப் பற்றியது. "மிகவும் கண்டிப்பானவர், ஆனால் நேர்மையாக உழைப்பவர்களுக்கு உற்ற துணையாக இருப்பவர்." பாராட்டுதான். முன்னவர் என்னோடு ஒருநாள்கூட வேலை செய்ததில்லை. எங்கேயோ கேள்விப்பட்டதை எழுதியிருந்தார். அதன் விளைவு, கெட்ட செய்தி எதுவும் என் மேசைக்கு வரவில்லை. உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய காலக்கெடு முடிந்து, அவமதிப்பு மனுவும் தாக்கலாகியிருந்தது. அந்தக் கோப்பை வைத்திருந்த உதவியாளர், "கண்டிப்பானவர்னு போட்டிருந்தாங்க, கொஞ்சம் சரிபண்ணிட்டுக் காட்டலாம்னு இருந்தேன் சார்" என்றார். நேரில் ஆஜராகச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் நடந்ததில் ஒரு வாரத்துக்கு மேல் வேறு எந்தக் கோப்பும் பார்க்கவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. பதவிக்கு வந்தவர்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. யார் காலத்தில் தாமதம் என்பதை அப்புறம்தான் விளக்க முடியும்.

அதனால் புதியவரைப் பற்றி எழுதும்போது குணம் எழுதக் கூடாது என்பது என் முடிவு. கண்டிப்பானவர், எளிமையானவர், பழக இனிமையானவர், எல்லாமே ஆபத்து. எளிமையானவர் என்று எழுதினால் மறுநாள் காலையிலேயே விடுப்பு விண்ணப்பங்கள் குவியும். "என்னைவிடத் திறமையானவர்" என்று தாழ்ந்து எழுதுவதும் வேண்டாம். ஊழியர்கள் ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், ஒப்பீட்டுக்கு அளவுகோல் போகிறவர்தான். எழுத வேண்டியது ஆணையிலும் பணிப்பதிவிலும் இருக்கிற விஷயம் மட்டும்: பெயர், தலைப்பெழுத்து ஆணையில் இருக்கிறபடியே, இதற்கு முன் எங்கே, எந்தப் பதவியில் இருந்தார். சொந்த ஊர் வேண்டாம். எந்த ஊர், யாருக்கு உறவு என்று அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு நாம் எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. முந்தைய பதவியைச் சொல்வதில் ஒரு பயன் உண்டு. அவருக்கு எது தெரியும், எதை விளக்க வேண்டும் என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். களப்பணியிலிருந்து வருகிறவருக்கு விதிகள் அத்துப்படியாக இருக்கலாம், தலைமையிடக் கணக்கு வழக்கு புதிதாக இருக்கலாம்; இயக்குநரகத்திலிருந்து வருகிறவருக்கு நேர்மாறு.

"எனக்கு அளித்த அதே ஒத்துழைப்பைப் புதிய அலுவலருக்கும் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பது எல்லாச் செய்திகளிலும் கடைசியில் வரும். இதில் தீங்கு இல்லை, பயனும் இல்லை. ஒத்துழைப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அதிலிருந்து யாருக்கும் தெரியாது. செய்யக்கூடிய ஒரு காரியமாகக் கேட்டால் வேலை நடக்கும். பிரிவுக்கு ஒரு பக்கம். தேதி நெருங்கிய காரியங்கள் மேலே. ஒவ்வொன்றுக்கும் கோப்பு எண், கடைசித் தேதி, எங்கே நிற்கிறது என்ற மூன்றே விவரம். தன்பதிவேட்டிலிருந்து அரைமணி நேரத்தில் எடுத்துவிடலாம். இதைப் போகிறவரே கேட்டு வாங்கிவைத்தால், "வந்ததும் வராததுமா லிஸ்ட் கேக்கறார்" என்ற முணுமுணுப்பு புதியவர் மேல் விழாது. எனக்கு இப்படி ஒரு பக்கம் அன்றைக்கு மேசையில் இருந்திருந்தால் அந்த அவமதிப்பு வழக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

அடுத்து, முன்னவர் எழுதாமல் விட்ட ஒன்று. ஊழியர்கள் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது நன்றியையும் அல்ல, வரவேற்பையும் அல்ல. இந்த மாதச் சம்பளம் யார் கையெழுத்தில் போகும் என்பதைத்தான். அலுவலர்தான் பணம் பெற்று வழங்கும் அலுவலராகவும் இருக்கிற இடங்களில், அவர் மாறினால் புதியவரின் மாதிரிக் கையொப்பம் போய்ச் சேர வேண்டும், மென்பொருளில் அவருடைய டிஜிட்டல் கையொப்பம் ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டியல் நகரும். மாதத்தின் முதல் பாதியில் மாறினால் பிரச்சினை இல்லை. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு மாறினால், சம்பளப் பட்டியல் ஏற்கெனவே சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குப் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். (மற்ற மாவட்டங்களில் கருவூலம், சென்னையில் சம்பளக் கணக்கு அலுவலகம்.) நான் சேர்ந்த மாதம் அது போகவில்லை. சம்பளம் ஐந்தாறு நாள் தள்ளிப்போனது. வீட்டுக்கடன் தவணை ஒன்றாம் தேதி எடுக்கப்படும் ஊழியருக்குக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியது. வங்கி 500 ரூபாயும் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்த்து 590 பிடித்தது. இரண்டு கடன் வைத்திருந்தவருக்கு 1,180. தொகை பெரிதில்லை என்று வெளியிலிருப்பவர் சொல்லலாம். புதிய அலுவலர் வந்த மாதமே சம்பளம் லேட் என்று அந்த அலுவலகத்தில் வருஷக்கணக்கில் சொல்வார்கள்.

முன்கூட்டியே தெரிந்தால், தவணை நாளுக்குக் கணக்கில் பணம் வைத்துக்கொள்ள ஊழியருக்கு ஒரு வாரமாவது கிடைக்கும். பட்டியல் போய்விட்டதென்றால் போய்விட்டது என்று தேதியோடு எழுதலாம். போகவில்லை, தாமதமாகலாம் என்றால் அதையும் எழுதத்தான் வேண்டும், புதியவரால் தாமதம் என்று நினைக்க இடம் வைக்காமல்: "என் பொறுப்பு மாற்றத்தால் இந்த மாதச் சம்பளம் சில நாள் தாமதமாகலாம்." தாமதம் போகிறவர் பேரில் இருக்கட்டும்; அவர்தான் இனி அங்கே இருக்கப்போவதில்லையே.

எப்போது அனுப்புவது என்பதில் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். ஆணை வந்த அன்றே புதியவர் பெயரைப் போட்டு வரவேற்றுவிடுவார்கள். மாறுதல் ஆணை ரத்தாவதும், மாற்றியமைக்கப்படுவதும் இங்கே புதுசில்லை. வருவார் என்று வரவேற்கப்பட்டவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால், உண்மையில் வருகிறவர் இரண்டாவது தேர்வு மாதிரி உள்ளே நுழைய நேரும். ஆணை வந்த அன்று, மாறுதல் வந்திருக்கிறது, பொறுப்பு ஒப்படைக்கும் வரை வழக்கம்போல வேலை நடக்கும் என்று வாயால் சொன்னால் போதும். பெயர் போட்ட செய்தி, பொறுப்பு மாற்றச் சான்றில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு, அன்றே.

ஆள் வராமலே விடுவிக்கப்படுவதும் உண்டு. அப்போது பொறுப்பைப் பக்கத்து அலுவலர் கூடுதலாக ஏற்பார். அவரை "தற்காலிகமாக" வரவேற்று எழுதினால், தற்காலிகம் என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு யாரும் அவரிடம் கோப்பு வைக்க மாட்டார்கள். கூடுதல் பொறுப்பானாலும் கையெழுத்து முழுக் கையெழுத்துதான். ஆகவே, "மறு ஆணை வரும் வரை கூடுதல் பொறுப்பில் இன்னார், எல்லாக் கோப்புகளும் அவருக்கே" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதிவிடுவது நல்லது.

செய்தியை எந்தத் தாளில் எழுதுவது? சின்ன விஷயமாகத் தெரியும். என் முன்னவர் ந.க.எண் போட்டு, சுற்றறிக்கை வடிவத்தில், பதவி முத்திரையோடு கொடுத்திருந்தார். அதனால்தான் அந்த "தொடரும்" என்ற வரிக்கு அவ்வளவு பலம் வந்தது, ந.க.எண் போட்ட தாள் கோப்பில் ஏறும், பிறகு மேற்கோள் காட்டப்படும். அதோடு, பிற்பகலில் பொறுப்பை ஒப்படைத்த பிறகு அந்தப் பதவிப் பெயரில் கையெழுத்துப் போட நமக்கு உரிமையும் இல்லை. சாதாரண வெள்ளைத்தாள், ந.க.எண் இல்லை, முத்திரை இல்லை, வெறும் பெயர். அதுதான் சரியான வடிவம். அலுவலக உத்தரவாக எதுவும் போக வேண்டியிருந்தால் அதைச் சான்றில் கையெழுத்துப் போடும் முன்பே தனிச் சுற்றறிக்கையாக முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, எழுதியதை அனுப்பும் முன்பு புதியவரிடம் காட்டுவது. இதைச் செய்கிறவர்கள் குறைவு. என் இடத்துக்கு வந்த மேடத்துக்கு இரண்டு நாள் முன்பே வரைவைப் போனில் படித்துக் காட்டினேன். திங்கள் காலை எல்லாருடனும் ஆய்வுக் கூட்டம் என்று போட்டிருந்தேன், அலுவலக வழக்கம் அது. "கூட்டமா வேண்டாம் சார், பிரிவு பிரிவா நானே அவங்க சீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன்" என்றார். அந்த ஒரு வரியை மாற்றினோம். கேட்காமல் போட்டிருந்தால் முதல் நாளே என் வழக்கத்தை அவர் ரத்து செய்ய வேண்டியிருந்திருக்கும்.

கடைசியில் போன செய்தி இப்படி இருந்தது. பெயரையும் இரண்டொரு விவரத்தையும் மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

"அனைவருக்கும் வணக்கம். இன்று பிற்பகல் இந்த அலுவலகப் பொறுப்பைத் திருமதி ……… அவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி கோப்புகள், விடுப்பு விண்ணப்பங்கள், பட்டியல்கள் எல்லாம் அவருக்கே செல்லும். இந்த மாதச் சம்பளப் பட்டியல் 19ஆம் தேதியே சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குப் போய்விட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளப் பதிவறைக்குள் தண்ணீர் வந்தபோது, கட்டுக்கட்டாகக் கோப்புகளை மாடிக்கு ஏற்றினீர்கள். இந்த அலுவலகம் என்றால் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். அன்றைக்கு வந்தவர்களுக்கும், வரமுடியாமல் வீட்டில் தண்ணீருக்குள் இருந்தவர்களுக்கும், எல்லாருக்கும் நன்றி.

நான் வாய்மொழியாகத் தந்திருந்த அனுமதிகளும் ஏற்பாடுகளும் இன்றோடு முடிகின்றன. தேவைப்படுவோர் எழுத்தில் கொடுங்கள். புதிய அலுவலர் பார்த்து முடிவு செய்வார். நான் கையெழுத்திட்டு அனுமதித்த விடுப்புகளில் மாற்றம் இல்லை.

திருமதி ……… காஞ்சிபுரத்தில் இதே பதவியில் இருந்தவர். நம் வேலையின் விதிகளை அவருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் அலுவலகத்தின் நிலுவைகளைத்தான் சொல்ல வேண்டும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒவ்வொரு பிரிவுக்கும் அவரே வருகிறார். பிரிவுக்கு ஒரு பக்கம் தயாராக இருக்கட்டும். தேதி நெருங்கியவை மேலே, நீதிமன்ற வழக்குகள் அதற்கும் மேலே. அவரை வரவேற்கிறேன்.

பழைய கோப்புகளில் என் குறிப்பு புரியாவிட்டால் கண்காணிப்பாளர் வழியாகக் கேளுங்கள், விளக்குகிறேன். வணக்கம்."

படித்தால் உணர்ச்சி குறைவாகத் தெரியலாம். ஒருவர் முகத்துக்கு நேரே, "என்ன சார், ஆபிஸ் மெமோ மாதிரி இருக்கு" என்றார். வலித்தது. ஆனால் நன்றிப் பத்தியை மட்டும் கவனியுங்கள், அதில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். முதல் வரைவில் ஆறு பேரின் பெயர் இருந்தது. பெயர் சொன்ன ஆறு பேருக்கும் மகிழ்ச்சி, சொல்லாத மற்றவர்களுக்கு வருத்தம் என்பதோடு நிற்காது; அந்த ஆறு பேரும் "பழைய சாரோட ஆளுங்க" என்று முத்திரை குத்தப்படுவார்கள், புதியவர் அவர்களைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பிப்பார். பெயரே இல்லாமல் "உங்கள் அனைவரின் அயராத உழைப்பு" என்று எழுதினால் யாருக்கும் ஒட்டாது. எல்லாரும் சேர்ந்து செய்த, எல்லாரும் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காரியத்தைச் சொன்னால் இரண்டு சங்கடமும் இல்லை. வீட்டில் தண்ணீருக்குள் இருந்தவர்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அந்த வாரம் வரமுடியாமல் போனதை மனசில் வைத்துக் குமைந்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்.

அனுமதிகள் பத்தியில் கடைசி வாக்கியம் கண்டிப்பாக வேண்டும். அது இல்லாவிட்டால், முறைப்படி அனுமதியான ஈட்டிய விடுப்பும் போய்விட்டதோ என்று பதறிப்போய்ப் பாதிப் பேர் புதியவர் அறை வாசலில் நிற்பார்கள். ஒழுங்கு நடவடிக்கை, 17பி குறிப்பாணை, யார் மேலும் உள்ள விசாரணை, இவை எதுவும் ஜாடையாகக்கூட இந்தத் தாளில் வரக் கூடாது. ஒப்படைப்புக் குறிப்பில்கூட எழுதாமல் மூடிய உறையில் புதியவர் கையில் நேரே கொடுப்பவை அவை.

வரவேற்பை ஏன் கடைசியில் வைத்தேன் என்று கேட்டார்கள். நன்றி கடைசியில் வந்தால் படித்து முடிக்கும்போது ஊழியர் மனசில் போகிறவர் நிற்பார். திங்கட்கிழமை என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில் வந்தால் வருகிறவர் நிற்பார்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு விட்டுவிட வேண்டாம். ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர், அவுட்சோர்சிங் கணினி இயக்குநர்கள் பெரும்பாலும் அந்தக் குழுவில் இருப்பதில்லை. ஒரு நகல் பலகையில், ஒரு நகல் கண்காணிப்பாளர் வாசித்துக் காட்ட. குழுவிலும் ஒரு வேலை இருக்கிறது. அலுவலகக் குழுவை நாமே தொடங்கியிருந்தால், புதியவரைச் சேர்த்து அட்மின் ஆக்கிவிட்டு நாமே வெளியேறிவிட வேண்டும். தொடங்கியவரை மற்ற அட்மின்களால் நீக்க முடியாது. வெளியேறாமல் இருந்தால், புதியவர் போடும் ஒவ்வொரு உத்தரவையும் பழையவர் பார்க்கிறார் என்ற கூச்சம் எல்லாருக்கும் இருக்கும். வாழ்த்துகள் வந்து குவியும் நேரத்தில் வெளியேறுவது மரியாதைக் குறைவாகத் தோன்றினால் அன்றிரவு வரை இருந்து, எல்லாருக்கும் ஒரே பதில் போட்டுவிட்டுக் கிளம்பலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மிச்சம் இருப்பது போன். முன்னவர், "எந்தச் சந்தேகம் என்றாலும் எப்போது வேண்டுமானாலும் என்னை அழைக்கலாம்" என்று எழுதியிருந்தார். பெருந்தன்மைதான். என் மேசைக்கு வரும் குறிப்புகளில் "பழைய சாரிடம் கலந்து பேசியதில்" என்று வர ஆரம்பித்த பிறகுதான் அதன் விபரீதம் புரிந்தது. நான் வேண்டாம் என்ற யோசனை அவர் சரி என்று சொன்னதாகத் திரும்பி வரும். கண்காணிப்பாளர் வழியாக என்று நான் போட்டது அதற்காகத்தான். அப்படியும் முதல் மாதம் அழைப்புகள் வந்தன. பழைய கோப்பில் இன்ன முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் சொல்வேன். இதை இப்போது எப்படி முடிவு பண்ணலாம் என்று கேட்டால், "மேடத்துக்கிட்ட வைங்க" என்பதோடு நிறுத்திவிடுவேன். ஓய்வூதியக் கணக்கு, பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் மாதிரி சொந்த விஷயமாகக் கூப்பிட்டால் அது வேறு. அதற்கு நேரம் காலம் பார்ப்பதில்லை.